ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் தினசரி மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. இரத்தத்தில் வைட்டமின் டி 11 என்று வந்ததால், வாரம் ஒரு முறை 60,000 யூனிட் டி மாத்திரையும் தினமும் ஒரு பி காம்ப்ளக்ஸும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா டி மாத்திரையை ஞாயிறு காலை வெறும் வயிற்றில் வெந்நீரோடு போட்டுக்கொண்டார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 19தான் வந்திருக்கிறது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்? இது வாரம் ஒன்று, அது தினம் ஒன்று என்று ஏன் இருக்கிறது? டி-யையும் தினமும் போட்டால் சீக்கிரம் ஏறாதா? மிச்சம் சிறுநீரில் போய்விடும்தானே?

பதில்:

கடைசிக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போடக் கூடாது. அதன் மிச்சம் சிறுநீரில் போகாது. "மிச்சம் சிறுநீரில் போய்விடும்" என்பது அந்தப் பி காம்ப்ளக்ஸுக்குப் பொருந்தும் உண்மை. அதை எல்லா வைட்டமினுக்கும் நீட்டிக்கொள்வதால்தான் வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்பட்ட மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கிவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனையில் சேருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற இரண்டு கேள்விகளும் பார்வைக்கு வேறுவேறாகத் தெரிந்தாலும் அவற்றின் வேர் ஒன்றுதான். வைட்டமின் டி தண்ணீரில் கரையாது. ஏ, ஈ, கே ஆகிய மூன்றும் அப்படியே. ஆனால் நம் உடலின் போக்குவரத்து முழுவதும் தண்ணீரில்தான் நடக்கிறது. குடலுக்குள் இருப்பது தண்ணீர், இரத்தத்தின் பெரும்பகுதி தண்ணீர், கழிவை வெளியேற்றும் சிறுநீரும் தண்ணீர். ஆகவே தண்ணீரோடு சேராத ஒரு பொருளுக்கு உடலுக்குள் நுழைவது எவ்வளவு சிரமமோ, நுழைந்த பிறகு வெளியேறுவதும் அவ்வளவு சிரமம். முதல் சிரமத்துக்காகத்தான் உணவில் கொழுப்பு வேண்டியிருக்கிறது. இரண்டாவது சிரமத்தால்தான் அது உடலில் தங்கிவிடுகிறது, வாரம் ஒன்று போதுமானதாகவும் இருக்கிறது.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். பீட்ரூட்டை நறுக்கித் தண்ணீரில் வேகவைத்தால் சில நிமிடங்களில் தண்ணீர் முழுவதும் சிவந்துவிடும். கேரட்டை அதேபோல் வேகவைத்தால் தண்ணீர் ஏறத்தாழ தன் நிறத்திலேயே இருக்கும். அதே கேரட்டைத் துருவி நெய்யில் வதக்கி அல்வா கிளறும்போது, ஓரத்தில் பிரிந்து வரும் நெய் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பீட்ரூட்டின் நிறப்பொருள் தண்ணீரில் கரைகிறது. கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் நெய்யில் கரைகிறது. உடல் இந்தப் பீட்டா கரோட்டினிலிருந்துதான் வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. தண்ணீரில் வேகவைத்த கேரட்டை எண்ணெய்ப் பசையே இல்லாமல் சாப்பிட்டால், வாணலியில் நடந்ததேதான் குடலிலும் நடக்கும்: அந்த நிறப்பொருளின் பெரும்பகுதி கேரட்டை விட்டு வெளியே வராது, வந்தாலும் கரைய இடமில்லாமல் மலத்தோடு போய்விடும்.

வைட்டமின்களுக்கு இன்றுள்ள எழுத்துப் பெயர்களே இந்தப் பிரிவினையிலிருந்துதான் வந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ மட்டும் கொடுத்தபோது நின்றுபோன வளர்ச்சி, வெண்ணெயிலிருந்தோ முட்டை மஞ்சள் கருவிலிருந்தோ பிரித்தெடுத்த கொழுப்பைக் கொடுத்ததும் மீண்டும் தொடங்கியது. அதில் இருந்த பொருளுக்குக் கொழுப்பில் கரையும் ஏ என்றும், பிறகு தெரியவந்த மற்றொன்றுக்கு நீரில் கரையும் பி என்றும் பெயர் வைத்தார்கள். வேதியியல் அமைப்பு என்னவென்றே தெரியாத காலத்தில், எதில் கரைகிறது என்பது ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிபட்ட அடையாளம்.

இனி உங்கள் அம்மாவின் மாத்திரையைக் குடல் வரை பின்தொடர்வோம். 60,000 யூனிட் என்பது கேட்கப் பெரிய எண். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம் என்பதால், எடையில் அது ஒன்றரை மில்லிகிராம்தான். மாத்திரையின் மீதி எடை முழுவதும் நிரப்புப் பொருள். இந்த ஒன்றரை மில்லிகிராம் சிறுகுடலின் தண்ணீரில் மிதந்துகொண்டு குடல் சுவரை அடைய வேண்டும். சுவருக்கு முன்னால், அசைவில்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. சர்க்கரையும் வைட்டமின் சி-யும் அதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. தண்ணீரில் கரையாத பொருளுக்கு அதுதான் பெரிய தடை.

அந்தத் தடையைத் தாண்ட வைப்பது பித்தநீர். பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எப்படித் தண்ணீரோடு கலந்து போக வைக்கிறதோ, பித்த உப்புகளும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றின் மூலக்கூறில் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் கொழுப்போடு சேரும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பு இரைப்பையிலிருந்து சிறு துளிகளாக வந்து சேர்ந்ததும் கணைய நொதியான லைப்பேஸ் அவற்றை உடைக்கிறது. உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களும் பித்த உப்புகளும் சேர்ந்து மைசெல் எனப்படும் மிக நுண்ணிய உருண்டைகளாகின்றன. இவற்றின் குறுக்களவு சில நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வருவதில் சில பங்கு. இந்த உருண்டையின் வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும், உட்புறம் எண்ணெய்ப் பசையாக இருக்கும். வைட்டமின் டி அந்த உட்புறத்தில் ஏறிக்கொண்டு, தண்ணீர்ப் படலத்தைக் கடந்து சுவரிலுள்ள செல்லைச் சென்றடைகிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. உணவுக் கொழுப்பு வெறும் கரைப்பான் அல்ல. பித்தநீரை வரவழைக்கும் சமிக்ஞையும் அதுதான். முன்சிறுகுடலைக் கொழுப்பு தொட்டவுடன் அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்து, சேர்த்து வைத்திருக்கும் செறிவான பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்ச வைக்கிறது, கணையத்தையும் நொதி சுரக்கச் சொல்கிறது. வெறும் வயிற்றில், வெந்நீர் மட்டும் உள்ளே போனபோது, அம்மாவின் பித்தப்பை தளர்ந்த நிலையில் பித்தநீரைச் சேமித்துக்கொண்டிருந்திருக்கும். குடலில் ஏறுவதற்கான வண்டியும் குறைவு, வண்டியை அழைக்கும் மணியும் அடிக்கப்படவில்லை. சிறிதளவு பித்தநீர் எப்போதும் கசிந்துகொண்டிருப்பதால் மாத்திரை முழுவதும் வீணாகியிருக்காது.

செல்லுக்குள் நுழைந்த பிறகும் கொழுப்பின் வேலை முடியவில்லை. நீரில் கரையும் வைட்டமின்கள் செல்லைக் கடந்து நேராக இரத்தக் குழாய்க்குள் சென்று, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையின் வழியே முதலில் கல்லீரலை அடைகின்றன. கொழுப்பில் கரைபவற்றுக்கு அந்த வழியில் பெரும்பாலும் இடமில்லை. குடல் செல் கொழுப்பை மீண்டும் கட்டி, அதற்குள் இந்த வைட்டமின்களையும் வைத்து, மேலே புரத உறை போர்த்தி, கைலோமைக்ரான் என்ற பொட்டலமாக்குகிறது. இந்தப் பொட்டலம் நுண்ணிய இரத்தக் குழாய்க்குள் நுழைய முடியாத அளவு பெரியது; ஆகவே நிணநீர்க் குழாய் வழியாக மேலேறி, மார்பைக் கடந்து, இடது கழுத்தின் அடியில் இரத்தத்தோடு கலக்கிறது. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, உணவு உண்டிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலை ஒட்டிய சவ்வில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடுவதைக் கண்டு, முதலில் நரம்புகள் என்று நினைத்து, ஒன்றை வெட்டிப் பார்த்தபோது பால்போல் வழிந்ததைப் பதிவு செய்தார். அந்தப் பால்தான் இந்தப் பொட்டலங்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த எவரும் இதைக் கண்டிருப்பார்கள்: நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றி வைத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய மேல்நீர் கஞ்சித் தண்ணீர் போல் கலங்கி நிற்கும். உணவில் கொழுப்பே இல்லையென்றால் பொட்டலம் கட்டப் பொருளும் இல்லை.

கொழுப்பால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை அளந்திருக்கிறார்கள். 2004-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், காய்கறி சாலட்டை மூன்று விதமாக, ஒருமுறை கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடும், ஒருமுறை 6 கிராம் எண்ணெயோடும், ஒருமுறை 28 கிராம் எண்ணெயோடும் கொடுத்து, பிறகு பல மணி நேரம் இரத்தம் எடுத்துக் கைலோமைக்ரான்களில் கரோட்டின் எவ்வளவு வந்தது என்று பார்த்தார்கள். கொழுப்பில்லாத சாலட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமே வரவில்லை; எண்ணெய் கூடக்கூட வரவும் கூடியது. வைட்டமின் டி-க்கு இவ்வளவு கடுமையான வித்தியாசம் இல்லை. கரோட்டின் காயின் செல் சுவருக்குள் சிறைப்பட்டிருக்கிறது; மாத்திரையிலுள்ள டி ஏற்கெனவே பிரித்தெடுக்கப்பட்டது. பாஸ்டனிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 50 முதியவர்களுக்கு 50,000 யூனிட் டி-யை ஒரே ஒருமுறை, சிலருக்குக் கொழுப்புள்ள காலை உணவோடும் சிலருக்குக் கொழுப்பில்லாத காலை உணவோடும் கொடுத்தபோது, 12 மணி நேரம் கழித்து இரத்தத்தில் வந்த அளவு கொழுப்போடு எடுத்தவர்களில் சுமார் 32 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்தக் கொழுப்பு எந்த வகை என்பது வித்தியாசம் செய்யவில்லை. கிளீவ்லாந்தில் 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மாத்திரை போட்டும் எதிர்பார்த்த அளவு ஏறாத 17 பேரிடம் நாளின் பெரிய சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். இரண்டு மூன்று மாதத்தில் சராசரி 30-இலிருந்து 47-க்கு உயர்ந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு வைக்கப்படாத ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் போக்கு சரியானதே.

எவ்வளவு கொழுப்பு வேண்டும் என்று கேட்டால், மிகக் குறைவுதான். குழந்தைகளுக்குக் கீரை கொடுத்து ஹைதராபாத்தில் செய்த பழைய ஆய்வொன்றில் 5 கிராம் கொழுப்பு சேர்த்தபோது கரோட்டின் உறிஞ்சப்படுவது கூடியது; 10 கிராமாக்கியபோது மேற்கொண்டு பலன் இல்லை. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி எண்ணெய். இட்லிக்கு மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுகிறோமே, அதுவே அந்த அளவு. 3 சதவீதக் கொழுப்புள்ள பால் 200 மில்லியில் 6 கிராம் இருக்கிறது. வைட்டமினுக்காக யாரும் நெய்யை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கொழுப்பு சாப்பாட்டில் இருந்தால் மட்டும் போதாது, அது செரிக்கவும் வேண்டும். எடை குறைக்கப் பயன்படும் ஓர்லிஸ்டாட் மாத்திரை கணைய லைப்பேஸை முடக்குவதால் கொழுப்பு செரிக்காமல் வெளியேறும்போது இந்த வைட்டமின்களும் அதில் கரைந்தபடியே வெளியேறுகின்றன. மலச்சிக்கலுக்காக மாதக் கணக்கில் குடிக்கும் லிக்விட் பாரஃபின் இன்னொரு வகை: அது எண்ணெய்தான், ஆனால் செரிக்காத எண்ணெய், ஆகவே வைட்டமினைக் கரைத்துக்கொண்டு குடலைத் தாண்டிப் போய்விடும். பித்தக் குழாய் கல்லாலோ கட்டியாலோ அடைபட்டவர்களுக்குக் கண் மஞ்சளாகி, மலம் களிமண் நிறத்தில் வெளுத்து, இரத்தம் உறைய அதிக நேரம் எடுப்பது இதன் தொடர்ச்சிதான்: பித்தநீர் குடலுக்கு வரவில்லை, வைட்டமின் கே ஏறவில்லை. அப்படிப்பட்டவருக்கு வைட்டமின் கே-யை ஊசியாகப் போட்டு ஒரு நாளில் உறையும் நேரம் சரியானால் பழுது குழாயில் இருக்கிறது என்றும், சரியாகாவிட்டால் கல்லீரல் செல்களே செயலிழந்திருக்கின்றன என்றும் மருத்துவர்கள் ஊகிக்க முடியும். அம்மாவுக்குப் பித்தப்பையை மட்டும் அகற்றியிருந்தால் பயப்பட வேண்டாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே.

இப்போது சேமிப்புக்கு வருவோம். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது, தண்ணீரில் கரைந்து தனியாக மிதக்கும் சிறிய மூலக்கூறுகள் வடிகட்டியைக் கடந்து செல்கின்றன. வைட்டமின் சி-யும் பெரும்பாலான பி வகைகளும் இப்படித்தான். உடலுக்கு வேண்டியதைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தத்தில் நிறைந்துவிட்டால் உறிஞ்சும் ஏற்பாடு அதற்கு மேல் ஏற்காமல் மீதியை விட்டுவிடுகிறது. பி காம்ப்ளக்ஸ் போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக வருவது, அதிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற பி2 இப்படி வழிந்து போவதால்தான். வைட்டமின் டி இரத்தத்தில் தனியாக மிதக்க முடியாது. அதற்கென உள்ள புரதம் ஒன்று அதைப் பிடித்துச் சுமக்கிறது. புரதம் பெரியது என்பதால் வடிகட்டியை எளிதில் தாண்டாது. கொஞ்சம் தாண்டினாலும் சிறுநீரகக் குழாயின் செல்கள் அதை மீண்டும் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லீரல் அதை வேதிமாற்றம் செய்து, மெதுவாகப் பித்தநீர் வழியே அனுப்பினால்தான் வெளியேற்றம். பரிசோதனையில் அளக்கப்படும் 25-ஹைட்ராக்ஸி வடிவம் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதும், வாரம் ஒரு முறை போட்டாலும் அளவு ஏறி இறங்கித் தடுமாறாமல் நிற்பதும் இதனால்தான். ஒரு வாரத்தின் அளவை ஏழு சிறு பங்காகத் தினமும் கொடுத்தாலும் முடிவு ஏறத்தாழ அதேதான்.

சேமிக்கும் இடத்தில் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. வைட்டமின் ஏ-க்குத் தனிக் களஞ்சியம் இருக்கிறது. கல்லீரலில் ஸ்டெல்லேட் எனப்படும் நட்சத்திர வடிவச் செல்கள் கொழுப்புத் துளிகளுக்குள் அதைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்து வைத்து, தேவைப்படும்போது ஒரு புரதத்தில் ஏற்றி அளந்து அனுப்புகின்றன. நல்ல நிலையில் உள்ளவரின் ஏ-யில் பெரும்பகுதி கல்லீரலிலேயே இருக்கும். இந்தியாவில் ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவத்தைக் கரண்டியில் கொடுப்பது இந்தக் களஞ்சியத்தை நம்பித்தான். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு தடவைக்கு இரண்டு இலட்சம் யூனிட், அதாவது 60 மில்லிகிராம். சிறு குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 மைக்ரோகிராம் தேவை என்று வைத்தால், அது 150 நாளுக்கான இருப்பு. உறிஞ்சும்போதும் சேமிக்கும்போதும் ஒரு பகுதி இழக்கப்படும், உணவிலிருந்தும் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். ஆறு மாத இடைவெளி பொருந்திவிடுகிறது. இதையே வைட்டமின் சி-யில் செய்து பார்க்க நினைத்தால் நகைப்புக்கு இடமாகும். ஆறு மாதத்துக்கான சி, பெரியவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்று போட்டால்கூட ஏழு கிராமுக்கு மேல் வரும். ஒரே நேரத்தில் கொடுத்தால் குடலின் உறிஞ்சும் வாயில்கள் நிரம்பி, பாதிக்கு மேல் உள்ளே வராமல் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், உள்ளே வந்ததும் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். உடல் மொத்தமாகத் தாங்கி வைத்திருக்கும் சி-யே ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான்.

டி-யும் ஈ-யும் இவ்வளவு ஒழுங்கான களஞ்சியத்துக்குப் போவதில்லை. அவை உடலின் கொழுப்புத் திசுவில் கரைந்து கிடக்கின்றன; அங்கிருந்து வெளியே வருவதும் கொழுப்பு கரையும் வேகத்தைப் பொறுத்தே இருக்கிறது. இதனால் ஒரு விந்தையான விளைவு: உடல் பருமன் அதிகமானவர்களுக்கு அதே அளவு மாத்திரை கொடுத்தாலும் இரத்தத்தில் குறைவாகத்தான் ஏறும், ஏனென்றால் கரைந்து பரவுவதற்கு அவர்களிடம் இடம் அதிகம். அவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம் என்று எழுதி வைத்திருப்பது இதற்காகவே.

கொழுப்பில் கரைவது தங்கும், நீரில் கரைவது ஓடிவிடும் என்ற விதிக்கு இரண்டு பெரிய விலக்குகள் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் சொன்னதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும். வைட்டமின் கே கொழுப்பில் கரைந்தாலும் அதன் இருப்பு மிகக் குறைவு. உடல் அதை ஒரு நொதியால் புதுப்பித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் காலத்தை ஓட்டுகிறது. அந்த நொதியைத் தடுப்பதுதான் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின். கே கருப்பைக்குள் குழந்தைக்குப் போதுமான அளவு கடந்து செல்வதில்லை, தாய்ப்பாலிலும் குறைவு. பிறந்தவுடன் தொடையில் கே ஊசி போடுவது அதனால்தான். மறுபுறம், பி12 நீரில் கரைந்தாலும் உடலில், பெரும்பாலும் கல்லீரலில், மொத்தம் இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேர்ந்து கிடக்கும்; ஒரு நாளைக்குத் தேவை சில மைக்ரோகிராம்தான் என்பதால், அசைவத்தையும் பாலையும் அடியோடு நிறுத்தியவருக்குக் குறை வெளிப்பட ஆண்டுகள் ஆகும். அதே பி குடும்பத்திலேயே தயமின் என்ற பி1 உடலில் மொத்தம் 30 மில்லிகிராம் போலத்தான் இருக்கும், சில வாரங்களில் தீர்ந்துவிடும்; தொடர்ந்து வாந்தி எடுக்கும் கர்ப்பிணிக்கும் சாப்பாட்டை விட்டுக் குடியிலேயே இருப்பவருக்கும் முதலில் தீர்வது அதுதான். பி காம்ப்ளக்ஸ் தினம் ஒன்று என்பதற்கு உண்மையான காரணம் இந்தத் தயமின் போன்றவையே, பி12 அல்ல.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டு வாரத்தில் விழுங்கியது நான்கு இலட்சத்து எண்பதாயிரம் யூனிட். கொழுப்பில்லாமல் போட்டதால் இழப்பு எவ்வளவு என்றால், மேலே சொன்ன டஃப்ட்ஸ் எண்ணை வைத்துப் பார்த்தால், வந்திருக்க வேண்டியதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வந்திருக்க வேண்டும். 11 வெறும் 19 ஆனதற்கு வெறும் வயிறு ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. எட்டு ஞாயிறும் தவறாமல் போட்டாரா என்று காலியான அட்டையை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் உடல் எடையைக் கணக்கில் எடுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் எடுக்கிறாரா என்று கேளுங்கள், அவை கல்லீரலில் டி-யை விரைவாகச் சிதைக்கும். லிக்விட் பாரஃபின் கலந்த மலமிளக்கி குடிக்கிறாரா என்பதையும் மறக்க வேண்டாம். மலம் வெளுத்து, அளவில் பெருத்து, எண்ணெய்ப் பளபளப்போடு மிதந்து, தண்ணீர் ஊற்றியும் எளிதில் போகாமல் ஒட்டிக்கொள்கிறது என்றால் கொழுப்பே உறிஞ்சப்படவில்லை. அப்போது மாத்திரையின் நேரத்தை மாற்றுவது பயன் தராது, காரணத்தைத் தேட வேண்டும்.

ஏறவில்லையே என்று தினமும் போட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பாருங்கள். மாதத்துக்கு 18 இலட்சம் யூனிட். நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்ற கணக்கில் அது எட்டு ஆண்டுத் தேவைக்கு மேல். அந்த அதிகப்படி கொழுப்புத் திசுவில் சேர்ந்துகொண்டே போகும், முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. பிறகு குடலும் எலும்பும் கால்சியத்தை இரத்தத்துக்குள் தள்ளத் தொடங்கும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, முதியவர்களில் தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் முகங்கள்; சிறுநீரகமும் பாதிக்கப்படும். வயதின் சோர்வு என்று இவற்றைத் தள்ளிவிடுவது எளிது என்பதுதான் இதில் மோசமானது. மாத்திரையை நிறுத்தியதும் சரியாகிவிடாது, சேர்ந்து கிடப்பது வடிய வாரங்களும் மாதங்களும் ஆகும். இதுவரை அம்மா வாரம் ஒன்றுதான் போட்டிருக்கிறார் என்பதால் இந்த அச்சம் அவருக்கு இல்லை.

ஆகவே அதே மாத்திரையை, அதே ஞாயிற்றுக்கிழமையில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போடச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் குழம்பிலோ பொரியலிலோ முட்டையிலோ ஐந்து பத்து கிராம் கொழுப்பு இல்லாத வீடு குறைவு. மேற்கொண்டு எத்தனை வாரம் என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். முதல் எட்டு வாரமும் வெறும் வயிற்றில் போட்டார் என்பதை அவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு போதவில்லை என்று நினைத்து அவர் கூட்டிவிடக்கூடும். அடுத்த பரிசோதனையை இரண்டு வாரத்தில் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். இரத்த அளவு புதிய நிலையில் நிலைக்க இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். அப்போது வைட்டமின் டி-யோடு கால்சியத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.